ஹலோவுக்குப் பதில் கால் சைன்: சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வயர்லெஸ்ஸில் அழைக்கும் முறை

போனில் ‘ஹலோ’ சொல்லும்போது பாதி வேலை முடிந்திருக்கும். எண்ணை அழுத்தியதுமே யாரைக் கூப்பிடுகிறோம் என்பது தீர்ந்துவிட்டது. மணி அடித்ததும் அவருக்கும் தெரிந்துவிட்டது. திரையில் நம் பெயரும் வந்துவிட்டது. காதில் வைத்துவிட்டாரா என்று கேட்பது மட்டும்தான் பாக்கி, அந்த ஒரு வேலையைத்தான் ஹலோ செய்கிறது. வயர்லெஸ்ஸில் மணி கிடையாது, எண் கிடையாது, இரண்டு பேருக்கென்று தனி லைனும் கிடையாது. யாரை அழைக்கிறோம், அழைப்பது யார் என்ற இரண்டையும் நம் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியமே சொல்லியாக வேண்டும். அந்த இடத்தில் ஹலோ போட்டால் இரண்டுக்கும் பதில் இல்லை.

மலையும் அடிவாரமும் சேர்ந்த நம் ஊரில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், சேலம் நகரம் 280 மீட்டர் சொச்சம். சமவெளியைவிட 1,200 மீட்டர் மேலே நின்று வி.எச்.எஃப் அலைவரிசையில் பேசினால், வழியில் வேறு மலை மறைக்காத திசையில் அலை 140 கிலோமீட்டர் வரை நேர்கோட்டில் போகும் என்பது கணக்கு. ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று 5 வாட் கைக்கருவியில் யாராவது ‘ஹலோ, ஹலோ, யாராவது இருக்கீங்களா’ என்றால் சேலம், நாமக்கல், ஈரோடு என்று பல ஊர்க் கருவிகளில், சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைத்து வைக்கும் ஸ்கெல்ச் திறக்கும். பத்துப் பேர் கேட்பார்கள், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. பெரும்பாலும் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னால் அதைவிட மோசம். எஃப்எம்மில் வலுவான சிக்னல் மற்றதை விழுங்கிவிடும். வலு சமமாக இருந்தால் கீச்சென்ற இரைச்சல் மட்டும் வரும்.

இன்னொரு காரணம் சட்டம். பொழுதுபோக்காக வயர்லெஸ் இயக்கும் ஹாம் ரேடியோவுக்கு உரிமம் பெற்றவர் உரிமம் பெற்ற இன்னொரு ஹாம் நிலையத்தோடு மட்டுமே பேசலாம். எதிரே இருப்பவருக்கு உரிமம் உண்டு என்பதற்கு நம் காதுக்குக் கிடைக்கும் ஒரே அடையாளம், உரிமத்தோடு தரப்படும் அழைப்புப் பெயரான அவருடைய கால் சைன். ஹலோ என்று வந்த குரலுக்கு நாம் பதில் பேசினால், உரிமம் இல்லாத ஆளோடு பேசியதாக முடியலாம். அதனால்தான் பழைய ஹாம்கள் இரண்டு மீட்டர் என்ற வி.எச்.எஃப் பேண்டில் ஹலோ கேட்டால் வாயே திறக்க மாட்டார்கள். இதைத் திமிர் என்று நினைத்துக்கொள்ளும் புதியவர்கள் உண்டு. மிஞ்சிப்போனால் ‘அழைக்கும் நிலையம், உங்கள் கால் சைன் ப்ளீஸ்’ என்று ஒருமுறை கேட்பார்கள். அதற்கும் கால் சைன் வராவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது.

இந்த வழிகாட்டியில் வரும் இரண்டு நிலையங்கள்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒருவர் கைக்கருவி வைத்திருக்கிறார். ஏற்காட்டில் ஏரிப் பக்கம் இன்னொருவரின் வீட்டு நிலையம். இடையில் மேடு மறைப்பதால் நேரடியாக எட்டாது. உச்சியில் இருந்து, வரும் சிக்னலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் ரிப்பீட்டர் வழியாகப் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களின் கால் சைன்கள்:

```
VU3QLT   சேலம்
VU2QKA   ஏற்காடு
```

இவை கற்பனை. மூன்றெழுத்து ‘க்யூ’வில் தொடங்கினால் கியூ.எஸ்.எல்., கியூ.டி.எச். போன்ற க்யூ குறியீடுகளோடு குழம்பும் என்பதால் அப்படிப்பட்ட எழுத்துகளைப் பொதுவாகக் கால் சைனுக்குக் கொடுப்பதில்லை. ஆகவே யாருடைய கால் சைனையும் இங்கே கடன் வாங்கவில்லை. முன்னால் உள்ள வி, யு இரண்டும் இந்தியாவைக் குறிக்கும். அடுத்து வரும் எண் 2 என்றால் பொதுவாக ஜெனரல் கிரேடு, 3 என்றால் ரெஸ்ட்ரிக்டட் கிரேடு. கடைசி மூன்றெழுத்து ஆளுக்கு ஆள் மாறும்.

பட்டனை அழுத்துவதற்கு முன்

கருவியை ஆன் செய்ததும் பேசக் கூடாது. குறைந்தது அரை நிமிடம் கேளுங்கள். ரிப்பீட்டரில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால், ஒருவர் முடித்து மற்றவர் யோசிக்கும் ஐந்து வினாடி மௌனம் காலி அலைவரிசை போலவே காதுக்குப் படும். அந்த இடைவெளியில் போய் விழுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தப்பு.

கேட்கும் நேரத்தில் மூன்று அமைப்புகளைச் சரிபாருங்கள். ரிப்பீட்டர் ஒரு அலைவரிசையில் கேட்டு, இன்னொன்றில் திரும்பப் பேசும். இரண்டு மீட்டர் பேண்டில் இந்த இடைவெளி வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ். உதாரணத்துக்கு, ரிப்பீட்டர் 145.700 மெகாஹெர்ட்ஸில் பேசினால் நம் கருவி 145.100-இல் அனுப்ப வேண்டும். மலிவான கைக்கருவிகளின் மெனுவில் இதற்கு `SFT-D` என்பதில் கழித்தல் குறியும், `OFFSET` என்பதில் 00.600-உம் வைக்க வேண்டும். ரிப்பீட்டரைத் திறக்கக் குரலோடு சேர்த்து அனுப்பும் மெல்லிய டோன் தேவைப்பட்டால் அந்த டோனை `T-CTCS`-இல் வைக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும், ஊரே பேசுவது உங்களுக்குக் கேட்கும், உங்கள் குரல் மட்டும் யாருக்கும் போகாது. மணிக்கணக்கில் ஹலோ சொல்லிப் பதில் வராதவர்களில் பாதிப் பேரின் சிக்கல் இதுதான்.

ரிப்பீட்டருக்கு நம் சிக்னல் எட்டுகிறதா என்று பார்க்க, பட்டனை ஒருமுறை தட்டிவிட்டு அதன் வால் சத்தம் வருகிறதா என்று கேட்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பட்டனை விட்ட பிறகும் ரிப்பீட்டர் ஒன்றிரண்டு வினாடி ஒலிபரப்பில் இருந்து ‘கிளிக்’ என்று அடங்கும். அதைத்தான் வால் என்கிறார்கள். பேர் சொல்லாமல் இப்படித் தட்டுவதும் அடையாளமில்லாத ஒலிபரப்புதான். கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு எரிச்சல் வேறு. ‘விக்டர் யூனிஃபார்ம் த்ரீ க்யூபெக் லீமா டாங்கோ, டெஸ்டிங்’ என்று நாலு வினாடி சொல்லிவிட்டு விட்டால் வாலும் கேட்கும், யார் தட்டியது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

முதல் ஒரு வினாடி எங்கே போகிறது

ஹலோவைத் தவிர்ப்பதற்கு முற்றிலும் இயந்திரம் சார்ந்த காரணம் ஒன்று உண்டு. பலருக்கு இது தெரியாது.

பட்டனை அழுத்தியதும் நம் கருவி அனுப்பும் நிலைக்கு மாறச் சற்று நேரம் எடுக்கும். ரிப்பீட்டர் நம் டோனை அடையாளம் காண இன்னும் கொஞ்சம். பிறகு அது தன் டிரான்ஸ்மிட்டரை ஏற்றும். அடுத்து, கேட்பவரின் கருவி ஸ்கெல்ச்சைத் திறக்க வேண்டும். எல்லாம் சேர்ந்தால் அரை வினாடி முதல் ஒரு வினாடி வரை ஆகும். கேட்பவரின் கைக்கருவியில் பேட்டரி சேமிப்பு, அதாவது மெனுவில் `SAVE`, ஓடிக்கொண்டிருந்தால் ரிசீவர் விட்டுவிட்டுத்தான் விழித்துப் பார்க்கும். அது தூங்கும் நேரத்தில் நாம் ஆரம்பித்தால் இன்னும் கொஞ்சம் வெட்டுப்படும்.

‘ஹலோ’ சொல்லி முடிக்க அரை வினாடி போதும். அதாவது, முழுதாகக் காணாமல் போகக்கூடிய இடத்தில் அதை வைக்கிறோம். எதிரே இருப்பவருக்கு ‘…லோ’ என்றோ, வெறும் ‘உஷ்’ என்றோதான் கேட்கும். ‘ஹலோ போனால் போகட்டும், பின்னால் வரும் கால் சைன் தப்பிக்குமே’ என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பட்டனை அழுத்திக்கொண்டு மனதுக்குள் ஒன்று எண்ணிவிட்டுப் பேசினால் போதும். அலைவரிசையைப் பொருளில்லாத சத்தத்தால் நிரப்ப வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது இது. பட்டனை முழுதாக அழுத்துங்கள். ஒரு வினாடி பேசாதீர்கள். மைக்கை வாயிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராக ஊதினால் ‘ப’, ‘ட’ எல்லாம் வெடிக்கும். வழக்கமான குரலில் பேசுங்கள். கத்தினால் தூரம் கூடாது, எஃப்எம்மில் குரல் பிசிறுவதுதான் மிச்சம். முடித்த பிறகு அரை வினாடி கழித்து விரலை எடுங்கள். அவசரமாக எடுத்தால் கால் சைனின் கடைசி எழுத்து துண்டாகிவிடும்.

வரிசை: முதலில் அவர், பிறகு நான்

அழைப்பின் வடிவம் சர்வதேச வானொலித் தொலைபேசி முறையிலிருந்து வருவது. அழைக்கப்படும் நிலையத்தின் கால் சைன், அதிகபட்சம் மூன்று முறை. பிறகு ‘திஸ் இஸ்’. பிறகு அழைக்கும் நிலையத்தின் கால் சைன், அதுவும் அதிகபட்சம் மூன்று முறை. நல்ல சிக்னல் இருக்கும் ரிப்பீட்டரில் ஒரு முறையோ இரண்டு முறையோ போதும்.

இந்த வரிசையை மாற்றக் கூடாது. ஏரிப் பக்கத்து வீட்டில் ரேடியோ மேசை மேல் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும், அவர் வேறு வேலையில் இருப்பார். ரேடியோவில் வரும் எல்லாப் பேச்சையும் காது வடிகட்டித் தள்ளிக்கொண்டே இருக்கும். தன் கால் சைன் வந்தால்தான் நிமிரும். நிமிர்ந்த பிறகு வருவதுதான் கவனமாகக் காதில் ஏறும். அப்போது வரவேண்டியது அழைப்பவரின் கால் சைன், ஏனென்றால் பதிலில் அவர் திருப்பிச் சொல்ல வேண்டியது அதைத்தான். நம் பெயரை முதலில் சொன்னால், அவர் நிமிரும்போது நாம் யார் என்பது கடந்து போயிருக்கும். பிறகு ‘யார் கூப்பிட்டது’ என்று அவர் கேட்க, நாம் மறுபடி சொல்ல, வீணாக இரண்டு சுற்று கூடும்.

எழுத்துகளை ‘வி, யு, டூ, க்யூ, கே, ஏ’ என்று அப்படியே சொன்னால் நல்ல சிக்னலில் கேட்கும், மங்கலில் கேட்காது. ரேடியோவின் ஒலி ஏறத்தாழ 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரைதான் வரும். பி, சி, டி, ஈ, ஜி, வி ஆகிய எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் மெய்யொலியின் கூர்மை இரைச்சலில் முதலில் தேய்ந்துபோகும், எல்லாமே ‘ஈ’ என்று கேட்கும். தமிழர் வாயில் ‘பி’ எழுத்து பாதி ‘ப’வாகவும், ‘டி’ சில சமயம் ‘தி’யாகவும் வருவதால் குழப்பம் கூடும். அதற்குத்தான் ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்ற ஒலிப்புச் சொற்கள். இவற்றை மாற்றி ‘கே ஃபார் காஃபி’, ‘எல் ஃபார் லாரி’ என்று சொந்தமாகக் கட்டாதீர்கள். கேட்பவரின் காது 26 சொற்களுக்குப் பழகியிருக்கிறது. அவற்றில் ஒரு சொல்லின் பாதி கேட்டாலே மீதியைப் பிடித்துவிடும். ‘…போ’வா ‘…ங்கோ’வா என்று வந்தால்கூட ‘டாங்கோ’ என்று எழுதிவிடுவார். ‘லாரி’ அந்தப் பட்டியலிலேயே இல்லாததால் அதற்கு அந்த உதவி கிடையாது.

ஒரு அழைப்பு, ஆரம்பத்திலிருந்து

மாலை 6.42. சேலத்தில் இருப்பவர் அரை நிமிடம் கேட்டாயிற்று, யாரும் இல்லை. பட்டனை அழுத்தி ஒரு வினாடி விடுகிறார்.

‘விக்டர் யூனிஃபார்ம் டூ க்யூபெக் கிலோ ஆல்ஃபா, விக்டர் யூனிஃபார்ம் டூ க்யூபெக் கிலோ ஆல்ஃபா, திஸ் இஸ் விக்டர் யூனிஃபார்ம் த்ரீ க்யூபெக் லீமா டாங்கோ. ஓவர்.’

மொத்தம் பத்துப் பன்னிரண்டு வினாடி. பட்டனை விட்டதும் ரிப்பீட்டரின் வால் கேட்கிறது. ஆக, மேலே வரை போய்ச் சேர்ந்தாயிற்று. ஏற்காட்டிலிருந்து பதில்:

‘விக்டர் யூனிஃபார்ம் த்ரீ க்யூபெக் லீமா டாங்கோ, விக்டர் யூனிஃபார்ம் டூ க்யூபெக் கிலோ ஆல்ஃபா. வணக்கம் ஓஎம், இரைச்சல் இல்லாம தெளிவா வரீங்க. சொல்லுங்க, ஓவர்.’

ஓஎம் என்பது ஹாம்கள் சக ஹாமை அழைக்கும் சொல். வணக்கம் எங்கே வந்தது என்று பாருங்கள். இரண்டு கால் சைனும் மாறி மாறி வந்து, இன்னார்தான் இன்னார் என்று உறுதியான பிறகு வந்தது. வயர்லெஸ் மரியாதையில்லாத இடம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மரியாதைக்கு இரண்டாவது வாக்கியத்தில் இடம் இருக்கிறது. இன்னொன்று, அவர் ‘ஃபைவ் நைன்’ என்று சிக்னல் அளவு சொல்லவில்லை. ரிப்பீட்டர் வழியாகக் கேட்கும்போது மீட்டர் காட்டுவது ரிப்பீட்டரின் வலு, ஃபேர்லேண்ட்ஸ் கைக்கருவியின் வலு அல்ல. அதனால் தெளிவைப் பற்றி மட்டும் சொன்னார். பலர் பழக்கதோஷத்தில் ஃபைவ் நைன் சொல்லிவிடுவார்கள். அதில் தகவல் ஒன்றும் இல்லை.

‘வணக்கம் சார். ஞாயித்துக்கிழமை ஆன்டெனா கம்பம் ஏத்த வரலாம்னு இருக்கோம். காலைல எட்டு மணிக்கு அங்க இருந்தா சரியா வருமா? க்யூபெக் லீமா டாங்கோ, ஓவர்.’

பேச்சு ஓட ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு முறையும் முழுக் கால் சைன் வேண்டாம். கடைசி மூன்றெழுத்து போதும். ஆனால் தொடக்கத்திலும் முடிவிலும் முழுதாகச் சொல்ல வேண்டும், நடுவிலும் குறுகிய இடைவெளியில் சொல்ல வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை முழுதாகச் சொல்லும் பழக்கம் பாதுகாப்பானது. ஒருவர் முடித்ததும் அடுத்தவர் உடனே பட்டனை அழுத்தாமல் இரண்டு வினாடி விட வேண்டும். மூன்றாவது ஆள் அவசரமாக உள்ளே வர அந்த இடைவெளிதான் கதவு. ரிப்பீட்டரின் நேரக்கட்டுப்பாட்டுக் கடிகாரமும் அப்போதுதான் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணும். இல்லாவிட்டால் நீண்ட பேச்சின் நடுவே அது வெட்டிவிடும்.

முடிக்கும்போது வாழ்த்துகளைக் குறிக்கும் ‘செவன்ட்டி த்ரீ’ சொல்லி, இரண்டு கால் சைனையும் ஒருமுறை சொல்லிவிட்டு, லாக் புத்தகத்தில் ஒரு வரி. லாக் வைப்பது உரிம நிபந்தனை.

```
1842 IST  145.700  FM  VU2QKA
```

‘ஹலோ’ என்று தொடங்கிய பேச்சுக்கு லாக்கின் கடைசிக் கட்டத்தில் என்ன எழுதுவது?

இதே அழைப்பு கெட்டுப்போனால் எப்படி இருக்கும்? சேலத்து ஆள் வண்டியில் அடிவாரம் நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார், கட்டடங்களின் மறைவில் சிக்னல் விழுந்து எழுகிறது என்று வையுங்கள். ஏற்காட்டில் கேட்பது: ‘…டூ க்யூபெக் கிலோ ஆல்ஃபா, திஸ் இஸ் விக்டர் யூ… க்யூபெக் லீ…’. இவ்வளவு போதும். ‘க்யூபெக் லீமா உள்ள நிலையம், விக்டர் யூனிஃபார்ம் டூ க்யூபெக் கிலோ ஆல்ஃபா பேசறேன், உங்க கால் சைன் மறுபடி’ என்று அவர் கேட்பார். காதில் விழுந்த துண்டைச் சொல்லிக் கேட்பதால் வேறு யாரும் குறுக்கே வர மாட்டார்கள். ‘ஹலோ ஹலோ கேக்குதா’ என்பதில் பாதி போயிருந்தால் இப்படிப் பிடித்துக் கேட்க ஒரு துண்டும் மிஞ்சாது.

பதில் வரவில்லை என்றால்

ஒருமுறை அழைத்துவிட்டுப் பத்துப் பதினைந்து வினாடி காத்திருங்கள். அவர் கை கழுவிவிட்டு மேசைக்கு வர அவ்வளவு நேரமாவது வேண்டும். இரண்டாவது முறை அழையுங்கள். மூன்றாவதும் வராவிட்டால், ‘விக்டர் யூனிஃபார்ம் த்ரீ க்யூபெக் லீமா டாங்கோ, நோ காண்டாக்ட், லிசனிங்’ என்று சொல்லி நிறுத்துங்கள். அதைக் கேட்ட வேறொருவர் பதில் சொல்லக்கூடும். ரிப்பீட்டரில் குறிப்பிட்ட ஆளில்லாமல் பேச விரும்புபவர் சொல்வதும் இதுதான்: கால் சைன், ‘லிசனிங்’. அவ்வளவே.

பதில் வராததன் காரணத்தை ஓரளவு காதாலேயே பிரிக்கலாம். வால் கேட்டது, பதில் இல்லை என்றால் அவர் அங்கே இல்லை, அல்லது அவர் கருவி ஸ்கேனில் சுற்றிக்கொண்டிருந்து நம் அழைப்பின் பின்பாதியில்தான் நின்றிருக்கிறது. வால் கேட்கவில்லை, ஆனால் மற்றவர்கள் பேசுவது கேட்கிறது என்றால் டோனையோ ஆஃப்செட்டையோ பாருங்கள். அவர் பதில் சொல்கிறார், ஆனால் உங்கள் குரல் அவருக்கு வேறு அலைவரிசையில் போகிறது என்றால் `TDR` என்ற இரட்டைக் கண்காணிப்பு ஓடுகிறதா என்று பாருங்கள். அது இரண்டு அலைவரிசையை மாறி மாறிக் கேட்கும். மற்றப் பக்கத்தில் சிக்னல் வந்து அங்கே நின்றிருக்கும்போது பட்டனை அழுத்தினால் அந்தப் பக்கத்திலேயே அனுப்பிவிடும். அழைக்க உட்காரும்போது அதை அணைத்து வைப்பதே மேல்.

சிற்றலைப் பேண்டுகளில், உதாரணத்துக்கு 7 மெகாஹெர்ட்ஸில், ஆள் குறிப்பிடாமல் அழைக்க ‘சி க்யூ, சி க்யூ, சி க்யூ, திஸ் இஸ்’ என்று தொடங்குவார்கள். அதற்கு முன்னால் ‘இந்த அலைவரிசையில் யாராவது இருக்கிறீர்களா’ என்று கால் சைனோடு கேட்க வேண்டும், ஏனென்றால் அங்கே ஒரு பக்கம் மட்டுமே நமக்குக் கேட்கும் நிலை சகஜம். ரிப்பீட்டரில் சி க்யூ போடுவது வழக்கமில்லை. போட்டால் புதியவர் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், வேறு கெடுதல் இல்லை.

உரிமம் தேவைப்படாத வாக்கி டாக்கியில்

சுற்றுலா வண்டிகளிலும் காப்பித் தோட்டங்களிலும் கைக்கு அடக்கமாக வைத்திருப்பவை வேறு ரகம். 2018-இல் வந்த விதிகளின்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில், வகை ஒப்புதல் பெற்ற கருவிகளுக்குத் தனி உரிமம் வேண்டாம். அந்தப் பட்டையில் 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 16 சேனல். ஹாம் அலைவரிசையில் பேசும் கைக்கருவியை உரிமமில்லாமல் இயக்குவது இதில் சேராது.

இங்கே கால் சைன் யாரும் தர மாட்டார்கள். அதனால் ஹலோ போடலாம் என்று அர்த்தமில்லை. நாமே பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறும் மூன்று வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கைக்கு வரும் முதல் யோசனை முன்வண்டி, நடுவண்டி, பின்வண்டி. இஞ்சின் இரண்டாம் கியரில் கதறும்போது முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் வித்தியாசம் கேட்காது, இரண்டும் ‘…ன்வண்டி’தான். ‘பின்வண்டி நிறுத்துங்க’ என்பதைக் கேட்டு முன்வண்டி நடுவளைவில் நின்றால் பின்னால் வரும் பேருந்துக்காரர் என்ன சொல்வார் என்பதை எழுத முடியாது. ஆள் பெயர்களிலும் இதே சங்கடம் உண்டு. ஒரே குழுவில் குமாரும் சுகுமாரும் இருப்பார்கள். பைலட், டெம்போ, மினிபஸ் என்று வைத்தால் மூன்றும் முதல் எழுத்திலேயே பிரிந்துவிடும். கிளம்பும் முன் எல்லோரும் ஒருமுறை சொல்லிப் பார்த்து, தாளில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள்.

அழைக்கும் முறை அதேதான். ‘மினிபஸ், மினிபஸ், பைலட் பேசறேன், ஓவர்.’ ‘பைலட், மினிபஸ் கேக்குது, சொல்லுங்க, ஓவர்.’ இந்த இரண்டு வரி முடியும் வரை செய்தியைச் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டு, அவர்கள் கேட்கவில்லை என்று தெரிந்தால் முழுவதையும் திரும்பச் சொல்ல வேண்டி வரும்.

இந்த ரகக் கருவிகளில் ‘ப்ரைவசி கோடு’ என்று ஒன்று விற்பனைப் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும். அது நம் பேச்சை மறைப்பதில்லை. அதே சேனலில் வேறு டோனில் பேசும் மற்ற குழுவின் சத்தம் நம் காதுக்கு வராமல் அடைப்பது மட்டும்தான். விளைவு, சேனல் காலி என்று நினைத்து அவர்கள் பேச்சின் மேல் பேசிவிடுவோம். கோடைக் காலக் கூட்டத்தில் பத்துச் சுற்றுலாக் குழு ஒரே மலையில் இருக்கும். அழைக்கும் முன் மானிட்டர் பட்டனை இரண்டு வினாடி அழுத்தி, நிஜமாகவே காலியா என்று கேளுங்கள். யாராவது இருந்தால் சேனலை மாற்றிக்கொள்ளுங்கள். பெயர் வைத்திருப்பதன் பயன் இங்கும் உண்டு. வேறு குழுவின் ‘ஹலோ, எங்க இருக்கீங்க’வுக்கு உங்கள் டிரைவர் பதில் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்.

வளைவுகளில் சிக்னல் திரும்பத் திரும்ப அறுபடும். பாறை குறுக்கே வந்தால் அரை கிலோமீட்டரில்கூடக் கேட்காது, சேலம் பக்கம் திறந்த வளைவில் பளிச்சென்று கேட்கும். ஆகவே பதில் வராவிட்டால் உடனே கத்த வேண்டாம். வண்டி அடுத்த வளைவு திரும்பும் வரை விட்டு மறுபடி அழையுங்கள். நான்கைந்து வளைவுக்கு ஒருமுறை பைலட் வரிசையாகக் கூப்பிட்டுப் பதில் வாங்குவது நல்ல ஏற்பாடு. அப்போது பதிலில் பலகையில் எழுதியிருக்கும் வளைவு எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள்: ‘பைலட், டெம்போ, ஒன்பதாவது வளைவு, சரி, ஓவர்.’

அவசரத்தில் மட்டும் வரிசை மாறும். நடந்துகொண்டிருக்கும் பேச்சை வெட்டிக்கொண்டு நுழைய ஹாம்கள் ‘பிரேக், பிரேக்’ என்பார்கள். மலைப்பாதையில் ஓடும் வண்டிக்குழுவில் அதைச் சொல்லாதீர்கள். கேட்பவருக்குப் பிரேக் பிடிக்கவில்லை என்றுதான் படும். ‘அவசரம், அவசரம், அவசரம்’ என்று மூன்று முறை, உடனே உங்கள் பெயர், இடம், என்ன நடந்தது, என்ன வேண்டும். ‘அவசரம், அவசரம், அவசரம். மினிபஸ் பேசறேன். பதினாலாவது வளைவு, ஏறுற பக்கம். பைக் விழுந்துருச்சு, ஒருத்தருக்குக் கால்ல அடி. முதலுதவிப் பெட்டியோட டெம்போ வரணும். ஓவர்.’ பைலட் ஒருவர் மட்டும் பதில் சொல்லி, வளைவு எண்ணைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்ய வேண்டும். மற்றவர்கள் பைலட் பெயர் சொல்லிக் கூப்பிடும் வரை பட்டனைத் தொடக் கூடாது. ஹாம் அலைவரிசையிலும் இந்த முறைதான், ஆபத்தில் இருக்கும் நிலையம் கிடைத்த எந்த வழியிலும் கூப்பிடலாம் என்று சர்வதேச விதியே இடம் கொடுக்கிறது. அந்த நேரத்தில் ஹலோ என்று வந்தாலும் கேட்பவர் பதில் சொல்வார். ஆனால் அவர் கேட்கும் முதல் கேள்வி யார், எங்கே என்பதாகத்தான் இருக்கும்.